பொய் முகவரிக்கு வந்த கணினிகள்

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற கணினிப் புழு உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஒரு கணினிக்குள் புகுந்ததும் அது முதலில் செய்த வேலை விசித்திரமானது. `www.iuqerfsodp9ifjaposdfjhgosurijfaewrwergwea.com` என்ற, வாயில் நுழையாத ஓர் இணையப் பெயரைத் தேடிப் போனது. அந்தப் பெயரை அதுவரை யாரும் வாங்கியிருக்கவில்லை.

மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பத்து டாலருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து அதைத் தன் பெயரில் பதிவு செய்தார். புழுவை நிறுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை. புழு பிடித்த கணினிகள் எந்தப் பெயரைத் தேடுகின்றனவோ அதைக் கைப்பற்றித் தன் சர்வருக்குத் திருப்பிவிட்டால், எங்கிருந்தெல்லாம் வருகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். இந்தத் துறையில் அது வாடிக்கையான வேலை. அப்படி வாங்கிப்போடும் சர்வருக்கு ‘சிங்க்ஹோல்’ என்று பெயர். அந்த முகவரியிலிருந்து பதில் கிடைத்தால் புழு மேற்கொண்டு எதுவும் செய்யாமல் நின்றுவிடும் என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

ஹட்சின்ஸின் சர்வர் பார்த்ததெல்லாம் வெளியிலிருந்து தெரியும் முகவரிகள்தான். ஒரு அலுவலகத்தில் முந்நூறு கணினிகள் இருந்தாலும் இணையத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஐ.பி. முகவரிதான் தெரியும். ‘உங்கள் அலுவலகத்தில் எங்கோ நோய் இருக்கிறது’ என்று அவரால் சொல்ல முடியும். எந்த மேசையில் என்று சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க, அதே தந்திரத்தை அலுவலகத்தின் சொந்த டி.என்.எஸ். சர்வரில் செய்ய வேண்டும். இதற்குப் பெயரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் ஐ.பி. முகவரியைத் தரும் வேலையை நம் கணினிகளுக்குச் செய்துதருவது அந்த சர்வர். அதையே ஒரு பொய் சொல்லவைத்தால் போதும்.

பைண்ட் என்ற டி.என்.எஸ். மென்பொருளில் இதற்கென்றே ஆர்.பி.இசட். என்ற வசதி உண்டு. பட்டியலில் இப்படி இரண்டு வரிகள்:

```
iuqerfsodp9ifjaposdfjhgosurijfaewrwergwea.com    300 IN A 10.66.66.66
*.iuqerfsodp9ifjaposdfjhgosurijfaewrwergwea.com  300 IN A 10.66.66.66
```

இரண்டாவது வரியை விட்டுவிட்டால் `www` என்று தொடங்கும் கேள்வி தப்பிவிடும். வான்னாக்ரை கேட்டதோ அதைத்தான். `10.66.66.66` என்பது நாம் உள்ளே ஒதுக்கிவைத்த சிங்க்ஹோல் முகவரி.

கெட்ட பெயர் என்று தெரிந்துவிட்டால், ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று பதில் சொல்லித் தடுத்தால் ஆகாதா? பல அலுவலகங்கள் அப்படித்தான் செய்கின்றன. வான்னாக்ரை விஷயத்தில் அது நேரடியாக ஆபத்து. பதில் கிடைக்காவிட்டால்தானே அந்தப் புழு பரவவும் கோப்புகளைப் பூட்டவும் தொடங்கும்! அதனால் பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம், அந்தப் பெயரைக் கணினிகள் எட்ட முடிய வேண்டும் என்று அறிவுறுத்தியது. ப்ராக்ஸி வழியாக மட்டுமே இணையத்துக்குப் போகும் அலுவலகங்களில் புழுவால் வெளியே போக முடியாது. அங்கே உள்ளூர் டி.என்.எஸ்.ஸிலேயே அந்தப் பெயரைச் சேர்த்து, 80ஆம் போர்ட்டில் இணைப்பை ஏற்கும் ஏதாவது ஒரு சர்வருக்குக் காட்டினாலும் போதும் என்றது. ஆக, முகவரி கொடுத்தால் மட்டும் போதாது, அந்த முகவரியில் பதில் சொல்ல ஒரு வெப் சர்வரும் விழித்திருக்க வேண்டும்.

தடுப்பதில் இன்னொரு குறையும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு கிளை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கணினிகள் கிளையின் சிறிய டி.என்.எஸ். சர்வரைக் கேட்கின்றன. அதன் முகவரி `192.168.14.2`. அதற்குத் தெரியாததை அது தலைமை அலுவலக சர்வரைக் கேட்கிறது. தலைமை அலுவலக லாகில் மாலை 4:42க்கு ஒரு வரி விழுகிறது: கெட்ட பெயரைக் கேட்டது `192.168.14.2`. அவசரக்காரர்கள் உடனே கிளையின் சர்வரைக் கழற்றிச் சோதிக்கப் போவார்கள். அதில் எந்த நோயும் இருக்காது. யாரோ கேட்டதை அது எடுத்துச் சொன்னது, அவ்வளவுதான். போதாததற்கு, வந்த பதிலை அது சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் இன்னும் நான்கு கணினிகள் கேட்டாலும் தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது.

‘இல்லை’ என்று பதில் போயிருந்தால் தடயம் இங்கேயே அறுந்திருக்கும். `10.66.66.66` என்று பொய் முகவரி போனதால் புழு அதை நம்பி, தானே நேரடியாக அந்த முகவரிக்கு இணைப்புக் கேட்கிறது. டி.என்.எஸ். கேள்விக்கு இடைத்தரகர் உண்டு. இந்த இணைப்புக்கு இல்லை. சிங்க்ஹோலின் லாகில், வழியில் உள்ள ஃபயர்வாலின் லாகில், `192.168.14.57` என்று உண்மையான முகவரி விழுகிறது.

அந்த முகவரியும் நிரந்தரம் இல்லை. டி.எச்.சி.பி. சர்வர் இன்று ஒரு மடிக்கணினிக்குக் கொடுத்ததை நாளை வேறொன்றுக்குக் கொடுக்கும். அதனால் 4:42க்கு `.57` யாரிடம் இருந்தது என்று அதன் பதிவில் தேடி, மேக் முகவரியை எடுத்து, சுவிட்சின் எந்த போர்ட் என்று பார்த்த பிறகுதான் மேசைக்குப் போகலாம். மூன்று சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்துப்போகாவிட்டால் நிரபராதியின் கணினியைத் தூக்கிக்கொண்டு வருவோம்.

சிங்க்ஹோல் முகவரியைத் தேர்ந்தெடுப்பதிலும் சறுக்கல் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பல தடைப் பட்டியல்களில் `127.0.0.1` அல்லது `0.0.0.0` என்று போட்டிருப்பார்கள். விளம்பரத்தைத் தடுக்க அது போதும். நோயாளியைத் தேடும்போது உதவாது. `127.0.0.1` என்றால் கணினி தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டு ஓய்ந்துவிடும், வெளியே ஒருவருக்கும் கேட்காது. கிளைக்கும் சிங்க்ஹோலுக்கும் நடுவே முகவரியை மாற்றும் நாட் கருவி இருந்தாலும் கதை மறுபடி ‘கிளையில் யாரோ’ என்பதிலேயே நின்றுவிடும்.

லாகில் பெயர் விழுந்தாலே நோய் என்றும் முடிவு கட்டக் கூடாது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே அரசு மருத்துவமனைகளை நடத்தும் அமைப்புகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டன. அவை போக, இன்னும் 21 அமைப்புகளின் கணினிகள் அந்தப் பெயரைத் தேடிப் போயிருந்தன, ஆனால் எதுவும் பூட்டப்படவில்லை. அறிக்கை இரண்டு காரணங்களைச் சொல்கிறது. ஹட்சின்ஸ் பெயரைப் பதிவு செய்த பிறகு புழு நுழைந்திருக்கலாம். அல்லது அங்குள்ள பாதுகாப்புப் பணியாளர்களே சோதனைக்காக அந்தப் பெயரைத் தொட்டிருக்கலாம். அலுவலகங்களில் இது தினமும் நடப்பது: மின்னஞ்சல் வடிகட்டி ஒரு கடிதத்தில் உள்ள சந்தேகப் பெயரைச் சரிபார்க்கக் கேட்கும், செய்தியில் படித்த பெயரை ஆர்வக்கோளாறில் ஒருவர் பிரவுசரில் அடித்துப் பார்ப்பார். ஒரே ஒரு முறை, அலுவலக நேரத்தில், பிரவுசரின் அடையாளத்தோடு வந்த இணைப்பு என்றால் முதலில் மனிதரைக் கேட்பது நல்லது. இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் ஒரே இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால் கேட்க ஒன்றுமில்லை, கேபிளைப் பிடுங்கலாம்.

நம் டி.என்.எஸ். சர்வரைக் கேட்காத புழுவிடம் இந்த வித்தை பலிக்காது. `8.8.8.8` போன்ற வெளி சர்வரை நேராகக் கேட்கும் ரகங்கள் உண்டு. அதற்கு ஃபயர்வாலில் 53ஆம் போர்ட்டை நம் சர்வருக்கு மட்டும் திறந்துவைத்து மற்றவர்களுக்கு மூடுவார்கள். மூடிய கதவில் முட்டியவர்களின் பட்டியலும் தேடலுக்குப் பயன்படும். டி.என்.எஸ். கேள்வியை எச்.டி.டி.பி.எஸ். உறைக்குள் வைத்து அனுப்பும் புழு இன்னும் சிரமம். அது சாதாரண வெப் போக்குவரத்தோடு 443ஆம் போர்ட்டில் கலந்து போகும். அந்தச் சேவையைத் தரும் பெரிய சர்வர்களின் முகவரிகளை ஃபயர்வாலில் எழுதித் தடுக்கலாம். புழுவை எழுதியவர் தனக்கென்றே ஒரு சர்வர் வைத்திருந்தால் அந்தப் பட்டியலிலும் அது இருக்காது.