"வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம் சார்"

மாலை ஏழு மணிக்குக் கிளினிக்கின் கடைசி நோயாளி உள்ளே வருகிறார். வயது 34, விசைத்தறித் தொழிலாளி. எச்.ஐ.வி. தொற்று உறுதியாகியிருக்கிறது. "வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார்" என்கிறார். இரண்டாவது குழந்தைக்கு முயன்று வருவதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார்.

மருத்துவ மாணவர்களின் அறநெறி வகுப்புக்காக அமைத்த நிகழ்வு இது. இதை வைத்துக் கலந்துரையாடல் குறிப்பு எழுதச் சொன்னால், பெரும்பாலும் முதல் பத்தியிலேயே தவறு நேர்ந்துவிடும். "பொறுப்பில்லாத கணவர், மனைவிக்கும் தொற்றைக் கொடுத்துவிட்டார்" என்று எழுதுவார்கள். முதல் பாதி தீர்ப்பு, இரண்டாம் பாதி ஊகம். தகவல் பகுதியில் எழுத வேண்டியது வேறு: மனைவிக்குப் பரிசோதனை நடக்கவில்லை, தொற்று எப்படி வந்தது என்று தெரியாது, அவர் ஏன் மறைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. தெரியாததையும் தகவலாக எழுதிவைத்தால்தான் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது புரியும்.

கேட்டால் காரணம் வருகிறது. "மாமனார் வீட்டுக்குத் தெரிஞ்சா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க." இனி மதிப்புகளை எழுதலாம். ரகசியம் காக்கப்படும் என்று நம்பித்தான் அவர் வாய் திறந்தார். மறுபக்கம் ஏதும் அறியாத மனைவியின் உடல்நலமும், பிறக்கப்போகும் குழந்தையும். இரண்டுமே உண்மையான கடமைகள். ஒன்றைச் சிறிதாக்கி எழுதினால் குறிப்பு பொய்யாகிவிடும்.

வழிகள் என்று பார்த்தால் பேசாமல் இருக்கலாம், இன்றே மனைவியை அழைத்துச் சொல்லலாம். மாணவர்கள் இந்த இரண்டோடு நின்றுவிடுவார்கள். நடுவில் ஒரு வழி உண்டு. நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் அவரை அனுப்பி, கூட்டு மருந்து சிகிச்சையை உடனே தொடங்கி, ஆணுறையைக் கட்டாயமாக்கி, குழந்தை முயற்சியைத் தள்ளிவைக்கச் சொல்லி, மனைவியை அவரே அழைத்துவர நாள் குறிப்பது.

அவர் வரவே இல்லை என்றால்? எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, பிரிவு 9 இதற்கு விடை சொல்கிறது. துணைக்குக் கணிசமான ஆபத்து இருக்க வேண்டும். நோயாளிக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று மருத்துவருக்கு உறுதிப்பட வேண்டும். தான் சொல்லப்போவதை நோயாளியிடம் முன்பே தெரிவிக்க வேண்டும். அதன் பிறகே மருத்துவர் துணையிடம் சொல்லலாம். அதுவும் நேரில், ஆலோசனைக்குப் பின். போனில் சொல்லக்கூடாது.

நான் நடுவழியையே தேர்வேன். ரகசியத்தை உடைக்காமலே ஆபத்தை இன்றிரவே குறைக்க அதில் இடமிருக்கிறது. காரணம் எழுதும்போது, எது மாறினால் என் முடிவு மாறும் என்பதையும் எழுதுவேன். அவர் மருந்தையும் ஆணுறையையும் மறுத்தால், காத்திருக்கும் நாட்கள் சுருங்கும்.

கடைசியாக ஒன்றைச் செய்து பாருங்கள். நோயாளியின் இடத்தில் மனைவியை வைத்து அதே குறிப்பை மறுபடி எழுதுங்கள். சொன்னால் அவர் அடிபடுவார், துரத்தப்படுவார் என்று நியாயமான அச்சம் இருந்தால், கணவரிடம் சொல்லக்கூடாது என்கிறது அதே பிரிவு 9.