அடுத்தவர் ஓட்டினாலும் அதே விடை

ஒரு சிமுலேஷன் ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியவரிடம் எதுவும் கேட்காமல், இன்னொரு மாணவர் அதே முடிவை எட்ட முடியுமா என்பதுதான் அந்த அறிக்கைக்கு வைக்கப்படும் சோதனை. மேசைமேல் நடக்கும் பரிசோதனையில் கருவியின் பெயரும் அளவுகோலும் ஓரளவு கண்ணுக்குத் தெரியும். சிமுலேஷனில் முடிவைத் தீர்மானிக்கும் பல தேர்வுகள் நிரலுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. எழுதியவருக்கு அவை தேர்வுகளாகவே தோன்றுவதில்லை. அதனால் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

இயற்பியல் மாணவர்கள் பரவலாகச் செய்யும் இரு பரிமாண ஐசிங் மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். சதுரக் கட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஸ்பின். அது +1 அல்லது −1 ஆக இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் ஒரே திசையில் இருந்தால் ஆற்றல் குறையும். மெட்ரோபோலிஸ் முறையில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதன் ஸ்பின்னைத் திருப்பினால் ஆற்றல் எவ்வளவு மாறும் என்று கணக்கிடுவார்கள். ஆற்றல் கூடாவிட்டால் திருப்பிவிடலாம். கூடினால் exp(−ΔE/T) என்ற நிகழ்தகவோடு மட்டுமே திருப்ப வேண்டும். எல்லையற்ற கட்டத்துக்கு இதன் ஆற்றலை 1944இல் ஆன்சாகர் துல்லியமாகத் தீர்த்துவிட்டார். காந்தமாக்கத்துக்கான சூத்திரத்தின் நிரூபணத்தை 1952இல் யாங் வெளியிட்டார். விடை முன்பே தெரிந்த கணக்கு என்பதால், அறிக்கை எழுதிப் பழக இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

இப்படி ஒரு வாக்கியம் அறிக்கையில் இருப்பதாகக் கொள்வோம்: “32×32 ஐசிங் மாதிரி மெட்ரோபோலிஸ் முறையில் 10,000 படிகள் ஓட்டப்பட்டது; T = 2.0இல் காந்தமாக்கம் 0.91.” எண் சரிதான். யாங்கின் சூத்திரம் T = 2.0இல் 0.911 என்று தருகிறது. ஆனால் இதைப் படித்து நிரல் எழுதும் இன்னொருவருக்கு 0.91 கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் சிக்கல் “படி” என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு ஸ்பின்னைத் திருப்பிப் பார்க்கும் ஒரு முயற்சியைச் சிலர் படி என்பார்கள். கட்டத்தில் எத்தனை ஸ்பின்கள் உண்டோ அத்தனை முயற்சிகள் சேர்ந்த ஒரு சுற்றைச் சிலர் படி என்பார்கள். 32×32 கட்டத்தில் 1,024 ஸ்பின்கள். எனவே முதல் பொருளில் 10,000 படிகள் என்பது பத்துச் சுற்றுகளுக்கும் குறைவு. இரண்டாம் பொருளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முயற்சிகள். “ஒரு சுற்று என்பது 1,024 முயற்சிகள், ஒவ்வொரு முயற்சியிலும் புள்ளி சமவாய்ப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டது” என்று ஒரே வாக்கியம் எழுதினால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். புள்ளிகளை வரிசையாக எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இரு வழியிலும் நீண்டகாலச் சராசரி ஒன்றுதான். ஆனால் அதை எட்டும் வேகமும், அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் அளவும் வேறுபடும்.

அடுத்தது தொடக்க நிலை. எல்லா ஸ்பின்களும் +1 என்று தொடங்கினால், T = 2.0இல் காந்தமாக்கம் 1இலிருந்து விறுவிறுவென்று இறங்கி, பத்துச் சுற்றுகளிலேயே 0.91ஐ நெருங்கிவிடும். சமவாய்ப்பு நிலையில் தொடங்கினால் அதே பத்துச் சுற்றுகளில் மேலும் கீழுமாகச் சிறுசிறு திட்டுகள் உருவாகியிருக்கும், அவ்வளவுதான், காந்தமாக்கம் 0.91க்கு அருகில்கூட வந்திருக்காது. இன்னும் நீண்ட நேரம் ஓட்டினாலும் கட்டம் இரண்டு பட்டைகளாகப் பிரிந்து, ஒன்று மேல்நோக்கியும் மற்றொன்று கீழ்நோக்கியும் நெடுநேரம் நின்றுவிடுவது உண்டு. அப்போது காந்தமாக்கம் பூச்சியத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். இது நிரலின் பிழை அல்ல. ஆனால் தொடக்க நிலை தெரியாதவர் பிழை என்றே எடுத்துக்கொண்டு, சரியாக இருக்கும் நிரலைப் பிரித்து மேய்வார்.

இதனால் அறிக்கையின் அளவுருப் பகுதியில் கட்டத்தின் அளவும் வெப்பநிலையும் மட்டும் இருந்தால் போதாது. எல்லை எப்படி நடத்தப்பட்டது என்பது வேண்டும்: வலது ஓரம் இடது ஓரத்தோடு இணைக்கப்பட்டதா, வெறுமனே விடப்பட்டதா? வெப்பநிலையின் அலகு வேண்டும்; இங்கே T = 2.0 என்பது கெல்வின் அல்ல, J/k அலகில் அளந்தது. சமநிலைக்கு வரட்டும் என்று ஒதுக்கிய சுற்றுகள், அதன்பின் அளந்த சுற்றுகள், எத்தனை சுற்றுக்கு ஒருமுறை அளவீடு எடுக்கப்பட்டது ஆகியவையும் வேண்டும். இவை அனைத்தையும் ஒரே கட்டளையில் கொடுக்கும்படி நிரலை எழுதிவிட்டால், அந்தக் கட்டளையை அப்படியே அறிக்கையில் ஒட்டிவிடலாம்.

```
python ising.py --L 32 --T 2.0 --bc periodic --init up \
  --equil 2000 --sweeps 20000 --every 10 --seed 71
```

நிரலுக்குள் எண்ணை மாற்றி மாற்றி ஓட்டும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். எந்தப் படம் எந்த எண்ணோடு வரையப்பட்டது என்று ஒரு மாதம் கழித்து எழுதியவருக்கே நினைவிருக்காது.

பல வெப்பநிலைகளுக்கு ஓட்டும்போது இன்னொரு வலை விரிந்திருக்கிறது. `np.arange(1.0, 1.3, 0.1)` மூன்று எண்கள் தரும் என்று எதிர்பார்ப்போம். கணினியின் தசமப் பிழையால் நான்கு வரும். தொடக்கம், முடிவு, எண்ணிக்கை மூன்றையும் கேட்கும் `np.linspace` பாதுகாப்பானது. ஒரு வெப்பநிலையில் முடிந்த நிலையையே அடுத்த வெப்பநிலைக்குத் தொடக்கமாக வைத்திருந்தால், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பதும் அளவுருவாகிவிடும்.

இனி சமவாய்ப்பு எண்கள். விதை எண் 71 என்று எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பைத்தானின் `numpy` தொகுப்பில் பழைய `np.random.seed(71)` மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையைப் பயன்படுத்துகிறது. புதிய `np.random.default_rng(71)` பயன்படுத்துவது `PCG64` என்ற வேறொரு முறை. விதை ஒன்றுதான், விளையும் எண் வரிசை வேறு. மேலும், புதிய முறையில் தொகுப்பின் பதிப்பு மாறினால் எண் வரிசையும் மாறலாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது. எனவே விதையோடு, எண் உருவாக்கியின் பெயரும் தொகுப்பின் பதிப்பும் சேர்ந்தே வர வேண்டும். வேகத்துக்காக `numba` பயன்படுத்துவோருக்கு இன்னொரு எச்சரிக்கை: அது தனக்கென்று தனி எண் வரிசை வைத்திருக்கிறது. `np.random.seed`ஐ வெளியே அழைத்தால் உள்ளே ஓடும் கணக்குக்கு அது எட்டாது. `numba` தொகுக்கும் சார்புக்குள்ளேயே அழைக்க வேண்டும். அறிக்கையில் விதை எண் அழகாக அச்சாகியிருக்கும், ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் வெவ்வேறு விடை தரும். ஒரே கட்டளையை இருமுறை ஓட்டி, இரண்டு வெளியீட்டுக் கோப்புகளையும் ஒப்பிட்டால் இது அங்கேயே பிடிபட்டுவிடும்.

நிரலை அறிக்கையில் முழுதாக அச்சிடத் தேவையில்லை. பத்துப் பக்க நிரலை யாரும் படிக்கப்போவதுமில்லை. எந்தப் பதிப்பு ஓடியது என்று மட்டும் ஐயமில்லாமல் தெரிய வேண்டும். நிரல் கிட்டில் சேமிக்கப்பட்டிருந்தால் பின்வரும் மூன்று கட்டளைகளின் வெளியீடு அதற்குப் போதும்.

```
git status --short
git rev-parse HEAD
pip freeze > requirements.txt
```

முதல் கட்டளைக்கு வெற்று விடை வர வேண்டும். ஏதாவது கோப்பின் பெயர் வந்தால், சேமிக்காத மாற்றத்தோடு நிரல் ஓடுகிறது என்று பொருள். அப்போது இரண்டாம் கட்டளை தரும் அடையாள எண் ஓடிய நிரலைக் குறிக்காது. அறிக்கையின் உடலில் விளக்க வேண்டியது முடிவைத் தொடும் வரிகளை மட்டும்: ΔE எப்படிக் கணக்கிடப்பட்டது, திருப்பும் விதி என்ன, அளவீடு எந்த இடத்தில் எடுக்கப்பட்டது.

வெளியீட்டில் ஒவ்வோர் அளவையும் சூத்திரத்தோடு வரையறுக்க வேண்டும். காந்தமாக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். சிறிய கட்டத்தில் முழு அமைப்பும் அவ்வப்போது + பக்கமிருந்து − பக்கம் புரளும், அதிலும் நிலைமாற்ற வெப்பநிலையான 2.269க்கு அருகில் அடிக்கடி புரளும். mஇன் சராசரியை எடுத்தால் இவை ஒன்றையொன்று அடித்துவிடும். |m|இன் சராசரியில் அப்படி நடக்காது. எது எடுக்கப்பட்டது என்று சொல்லாத வரைபடத்துக்குப் பொருளே இல்லை. ஆற்றலிலும் இதுபோல ஒன்று உண்டு. T = 2.0இல் ஒரு ஸ்பின்னுக்கான ஆற்றல் ஏறத்தாழ −1.746. ஒருவருக்கு −3.49 வந்தால், ஒவ்வோர் இணையையும் இருமுறை எண்ணியிருக்கிறார் என்று உடனே சொல்லிவிடலாம். வெப்பக் கொள்ளளவு 1,024 மடங்கு மாறி வந்தால், மொத்த அமைப்புக்கான அளவையும் ஒரு ஸ்பின்னுக்கான அளவையும் குழப்பியிருக்கிறார்கள்.

வரைபடத்தோடு அது வரையப்பட்ட எண்களின் கோப்பும் சேர வேண்டும்: அளவீடு வாரியாக, சுற்று எண், ஆற்றல், காந்தமாக்கம் என்று தலைப்பிட்ட மூன்று பத்திகள். அதன் முதல் ஐந்து வரிகளை அறிக்கையின் பின்னிணைப்பில் அச்சிடுவது சின்ன வேலைதான். மீண்டும் ஓட்டுபவர் 20,000 சுற்றுகள் முடியும்வரை காத்திருக்காமல், ஒரு நிமிடத்தில் தான் சரியான வழியில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா எண்களும் அச்சு அசலாக ஒத்துப்போவது அதே நிரல், அதே பதிப்பு, அதே விதை இருக்கும்போது மட்டுமே எதிர்பார்க்கக்கூடியது. இன்னொரு மாணவர் சி மொழியில் புதிதாக எழுதினால் அப்படி வராது, வரவும் வேண்டியதில்லை. அப்போது ஒப்பிட உதவுவது பிழை எல்லை. அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், திட்ட விலக்கத்தை அளவீட்டு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை எல்லை பொய்யாகச் சிறுத்துவிடும், 2.269க்கு அருகில் இந்தச் சார்பு 32×32 கட்டத்தில் பல நூறு சுற்றுகள்வரை நீளும். அளவீடுகளை அந்த நீளத்தைவிடப் பெரிய 20 தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிச் சராசரிகளின் சிதறலிலிருந்து பிழையைக் கணக்கிடுவது எளிய தீர்வு. அதைவிட எளியது, ஐந்தாறு வெவ்வேறு விதைகளோடு ஓட்டி அவற்றின் சிதறலைப் பார்ப்பது. எந்த வழி என்று அறிக்கை சொல்ல வேண்டும்.

அறிக்கையின் விடை 0.911 ± 0.001 என்றும், புதிதாக எழுதியவரின் விடை 0.913 ± 0.001 என்றும் கொள்வோம். வித்தியாசம் 0.002, இரு பிழைகளையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 0.0014. வித்தியாசம் அதைப்போல ஒன்றரை மடங்குகூட இல்லை, இரண்டும் ஒத்துப்போகின்றன. அவருக்கு 0.918 வந்திருந்தால் அது ஐந்து மடங்கு. அப்போது சமநிலைக்கு ஒதுக்கிய சுற்றுகள், எல்லை, |m|, பிழை கணக்கிட்ட விதம் என்று இருவரின் அளவுருக்களையும் வரிவரியாக ஒப்பிட வேண்டியதுதான்.