புதிய வேலையும் பழைய ஒப்பந்தமும்

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டாம் பாலம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாலம் பெருநிலத்தைத் தொடும் ஊர் பத்து காவான். முன்னாளில் தோட்டங்கள் சூழ்ந்திருந்த அவ்வூரில் இன்று மின்னணுத் தொழிலைச் சார்ந்த ஆலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஓர் ஆலையில் தொழில் பழகியவர் பக்கத்து ஆலைக்குப் போவது அங்கே இயல்பு. அவ்வாறு போகிறவரது பழைய ஒப்பந்தத்தில் இருவகை விதிகள் இருத்தல் கூடும். வேலையை விட்டபின் குறித்த காலம்வரை போட்டி நிறுவனத்தில் சேரலாகாது என்பது ஒன்று. நிறுவனத்தின் தொழில் மறைகளை வெளியிடலாகாது என்பது மற்றொன்று. முன்னதைப் போட்டித் தடை என்றும் பின்னதை மறைகாப்பு என்றும் கூறலாம்.

போட்டித் தடை மலேசியாவில் செல்லாது என்று பலரும் சொல்வதுண்டு. அது பெரும்பாலும் மெய்யே. முறையான தொழிலைச் செய்யவொட்டாமல் ஒருவரைத் தடுக்கும் உடன்படிக்கை, தடுக்கும் அளவிற்குச் செல்லாது என்பது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. கோத்தா பாருவில் ஒரு வழக்கறிஞர், வேலையை விட்டபின் ஈராண்டுக் காலம் ஐந்து மைல் சுற்றளவில் தொழில் செய்வதில்லை என ஒப்பியிருந்தார். அவ்விதியை 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று செல்லாததாக்கியது.

அங்ஙனமாயின், செல்லாத விதியைப் புதிய முதலாளியிடம் கூறுவானேன்? இதற்கு விடை காண இந்திய வழக்கொன்று உதவும். மலேசியாவின் 28ஆம் பிரிவு, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் பின்பற்றியது.

பம்பாயை அடுத்த கல்யாணில் டயர்களுக்குரிய செயற்கை நூல் செய்யச் செஞ்சுரி நூற்பாலை முற்பட்டது. செய்முறையை அளித்த ஆலந்து, ஜெர்மன் நிறுவனங்கள், ஊழியர்களிடமும் மறைகாப்பு எழுதி வாங்க வேண்டும் என்றன. 1963 மார்ச்சு 15 முதல் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் செய்து கொண்ட மேற்பார்வையாளர் ஒருவர் பயிற்சி பெற்றார். 1964 இறுதியில் வேலையை விட்டு, கோட்டாவில் அதே நூலைச் செய்யவிருந்த நிறுவனத்தில் சேர்ந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவருக்கு எதிரானது. வேலைக்காலம் முடிந்தபின் வரும் தடை வேறு, வேலைக்காலத்திற்குள் நிற்கும் தடை வேறு. ஒப்புக்கொண்ட ஐந்தாண்டு முடியும் 1968 மார்ச்சுவரை அவர் போட்டி நிறுவனத்தில் அதே பணியைச் செய்யலாகாது என்ற தடை உறுதியாயிற்று. தொழில் மறைகளை வெளியிடலாகாது என்ற தடையும் நிலைத்தது.

பத்து காவானுக்கும் இது பொருந்தும். மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியவர், அம்மூன்று மாதமும் பழைய நிறுவனத்திற்கே கட்டுப்பட்டவர். ஒரு மாதத்தில் வாருங்கள் எனப் புதிய நிறுவனம் அழைத்தால் 28ஆம் பிரிவு துணைக்கு வராது. மறைகாப்போ வேலை முடிந்தபின்னும் தொடரும். ஒப்பந்தத்தின் இறுதிப் பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டமே ஆளும் என்று அங்கே எழுதியிருக்கலாம். நியாயமான அளவுடைய போட்டித் தடையை அச்சட்டம் ஏற்பதுண்டு.

இவற்றினும் பெரிய இடர் புதிய ஒப்பந்தத்திலேயே இருக்கலாம். ‘இப்பணியைத் தடுக்கும் முந்தைய உடன்படிக்கை எதற்கும் யான் கட்டுப்பட்டவன் அல்லன்’ என்ற வரி அதில் அடிக்கடி காணப்படும். படியாமலே கையெழுத்திடுவோர் பலர். ஒப்பந்தத்தை மீறத் தூண்டினீர் எனப் பழைய நிறுவனத்தின் வழக்கறிஞர் புதிய நிறுவனத்திற்கு எழுதும் நாளில், முதலில் புரட்டப்படுவது அவ்வரியே. அப்போது கேள்வி, தடை செல்லுமா என்பதன்று. ஊழியர் மெய் சொன்னாரா என்பது. செல்லாத விதியை மறைத்தவரும் அங்கே அகப்படுவார்.

ஆகவே வாய்மொழியாக வேலை உறுதியானபின், கையெழுத்திடுமுன், பழைய வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுக்குமுன் கூறிவிட வேண்டும். வரிசை மாறினால், புதிய நிறுவனம் பின்வாங்கும்போது இரு வேலையும் இல்லாமற் போகும். எழுத்தில் கூறுதல் நன்று; நான்கு வரி போதும். ‘என் ஒப்பந்தத்தில் பன்னிரண்டு மாதப் போட்டித் தடை ஒன்று உண்டு. மறைகாப்புக்கும் கட்டுப்பட்டுள்ளேன். முன்னறிவிப்புக் காலம் மூன்று மாதம். பழைய நிறுவனத்தின் கோப்பு எதையும் கொண்டுவர மாட்டேன்.’ ஒப்பந்தத்தையே படியெடுத்துக் கொடுத்தல் கூடாது, அதன் வாசகமே மறைவுக்குரியது என்று எழுதியிருந்தால். எந்தப் பொறி, எந்த வாடிக்கையாளர் என்று விளக்கப் புகுவதும் தவறு; மறைகாப்பைப் பற்றிக் கூற வந்தவர் மறையையே கூறிவிடுவார்.

இதைக் கேட்ட நிறுவனம் சில மாதம் வேறு பிரிவில் பணி தரலாம்; சேரும் நாளைத் தள்ளலாம். முன்சொன்ன வரியில் ‘எழுத்தில் தெரிவித்தவை நீங்கலாக’ என்று சேர்க்கும்படி கேட்பது ஊழியரின் வேலை. ‘அது பெயருக்குத்தான், கையெழுத்திடுங்கள்’ என்று ஆள்சேர்ப்பு அலுவலர் கூறக்கூடும். அவர் அடுத்த ஆண்டு அங்கே இல்லாதிருக்கலாம். திருத்தம் ஒப்பந்தத் தாளிலேயே ஏற வேண்டும்.