நீலகிரித் தைலத்தை ஏன் விழுங்கக் கூடாது?

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் ஆவி பிடிக்க நீலகிரித் தைலம் இருக்கும். இத்தகைய எண்ணெய்களைத் தண்ணீரில் சொட்டியோ கேப்சூலில் அடைத்தோ விழுங்கச் சொல்கிறார்கள் சில விற்பனையாளர்கள். ‘இயற்கையானது’ என்பது அவர்கள் வாதம். தினமும் விழுங்கினால் குப்பியும் சீக்கிரம் காலியாகும், அடுத்தது விற்கும்.

ஆனால் நீலகிரித் தைலம் ஏராளமான இலைகளை ஆவியில் வடித்தெடுத்த செறிவு. தண்ணீரில் கரையாமல் மிதப்பதால், வீரியம் குறையாமலே தொண்டையை எரிக்கும். கேப்சூல் அந்த எரிச்சலைத்தான் தடுக்கும். உள்ளே போகும் அளவைக் குறைக்காது. இதிலுள்ள சினியோல் மூளையைப் பாதிக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிகூடக் குழந்தைக்கு ஆபத்தாகலாம். வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியவை அரை மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கலாம் என்கின்றன மருத்துவப் பதிவுகள்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். 108-ஐ அழைத்து, குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.