பெயர் சொல்லாத நாலு வார்த்தை

காதல் முறிந்த பிறகு போடும் முதல் படத்துக்கு என்ன எழுதுவது? பெயரை விட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது.

கடற்கரையில் எடுத்த படத்துக்கு ஒரு பெண் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "சிலர் போன பிறகுதான் நிம்மதின்னா என்னன்னு புரியுது..." இதில் பெயர் இல்லை. ஆனால் 'சிலர்' யார் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 'போன பிறகு' பிரிவை அறிவித்துவிடுகிறது. கடைசி மூன்று புள்ளிகள், "என்னாச்சு?" என்று கேட்கச் சொல்கின்றன. அரை மணி நேரத்தில் விசாரணை தொடங்கிவிடும். ஆற வேண்டிய புண்ணை அவளே மறுபடி கிளற நேரிடும்.

அதே படத்துக்கு இப்படி எழுதலாம்: "காலை ஆறு மணி. அலை காலைத் தொட்டது. இன்று நன்றாகத் தூங்குவேன்." இதில் அவளும் அவளுடைய நாளும் மட்டுமே இருக்கிறார்கள். பொய்யான சிரிப்பும் இல்லை, யார்மீதும் குத்தலும் இல்லை.

எழுதியதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: பிரிந்தவர் இதைப் பார்க்கவே மாட்டார் என்றாலும் போடுவேனா? இல்லை என்றால் அது அவருக்கான கடிதம், வரைவிலேயே இருக்கட்டும். சேர்க்கும் பாட்டுக்கும் இதே சோதனைதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை அடிக்கடி திறக்கிறீர்களா? அப்படியானால் இப்போதைக்கு எதையும் போடாதீர்கள். துக்கத்தைச் சொல்ல நெருங்கிய ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள்.