அடுத்தவர் சரக்கு, மண்டிக்காரர் பேரேடு

பெரம்பலூர் பக்கத்து விவசாயி ஒருவர் கோயம்பேட்டில் உள்ள கமிஷன் மண்டிக்கு 60 மூட்டை சின்ன வெங்காயம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 50 கிலோ, ஆக 3,000 கிலோ. விடியற்காலையில் லாரி வந்து நிற்கிறது, சரக்கு இறங்குகிறது. அந்த நேரத்தில் மண்டியின் கணக்குப்பிள்ளை பேரேட்டில் என்ன எழுதுவார்?

ஒரு ரூபாய்கூட எழுத மாட்டார். எழுதவும் கூடாது. மண்டிக் கணக்கில் எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது. வெங்காயம் மண்டிக்காரர் கடையில் கிடந்தாலும் அது அவருடையதல்ல. அவர் அதை வாங்கவில்லை, விற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே கொள்முதல் கணக்கில் அதற்கு இடமில்லை. சரக்கு வரவுப் பதிவேட்டில் மட்டும் இத்தனையாம் தேதி, இன்னார் சரக்கு, இந்த லாரி, 60 மூட்டை என்று குறித்து, லாட் எண் போட்டு வைப்பார். மார்ச் 31 அன்று விற்காமல் மீதி கிடந்தாலும் அது விவசாயியின் கையிருப்புதான். மண்டியின் கையிருப்பில் சேராது.

பணம் எழுத வேண்டிய முதல் இடம் லாரி வாடகை. சரக்கு அனுப்பியவர் வாடகையை மண்டியில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். மூட்டைக்கு 60 ரூபாய் வீதம் 3,600 ரூபாயை மண்டிக்காரர் தன் கல்லாவிலிருந்து எடுத்துத் தருகிறார். இது மண்டியின் செலவு அல்ல, விவசாயிக்காகக் கொடுத்த பணம். அதனால் பேரேட்டில் விவசாயியின் பெயரில் ஒரு பக்கம் திறந்து, பற்றுப் பக்கத்தில் 3,600 எழுதுவார்கள். இறக்குக் கூலி மூட்டைக்கு 10 ரூபாய், எடைக் கூலி 4 ரூபாய். 600-ம் 240-ம் அதே பக்கத்தில் ஏறும். இரண்டு வாரத்துக்கு முன் அறுவடைச் செலவுக்கென்று மண்டியிலிருந்து வாங்கிய முன்பணம் 20,000 ஏற்கனவே அங்கே இருக்கிறது.

இனி விற்பனை. மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் சரக்கு ஒரே தரமாக இல்லை. காய்ந்து நிறம் ஏறிய 24 மூட்டை, 1,200 கிலோ, கிலோ 40 ரூபாய்க்குப் போகிறது. நடுத்தரமான 20 மூட்டை, 1,000 கிலோ, 36 ரூபாய்க்கு ஒரு சில்லறை வியாபாரி கடனுக்கு எடுக்கிறார். மீதி 16 மூட்டை வழியில் மழையில் நனைந்தது. 160 ரூபாய் கூலி கொடுத்து அழுகலைப் பொறுக்கி எடுத்தபின் 760 கிலோ தேறி, 25 ரூபாய்க்கு விற்கிறது. 48,000, 36,000, 19,000. மொத்தம் 1,03,000 ரூபாய்.

இந்தத் தொகை முழுவதும் விவசாயியின் பக்கத்தில் வரவு. மண்டியின் விற்பனைக் கணக்கில் எதுவும் ஏறாது. ரொக்கமாக வந்தது கல்லாவுக்குப் போகும். கடனுக்கு எடுத்த வியாபாரியின் பக்கத்தில் 36,000 பற்று விழும். மண்டிக்குச் சொந்தமான ஒரே தொகை கமிஷன். நூற்றுக்குப் பத்து என்று பேசியிருந்தால் 10,300 ரூபாய். அது விவசாயிக்குப் பற்று, மண்டிக்கு வருமானம். கமிஷன் வீதம் மண்டிக்கு மண்டி, சரக்குக்குச் சரக்கு மாறும். பத்து என்பது நம் கணக்குக்காக எடுத்துக்கொண்டது.

கணக்கை முடிக்கும்போது விவசாயி கைக்கு ஒரு பட்டியல் போக வேண்டும். பாடப்புத்தகங்களில் இதற்கு விற்பனை அறிக்கை என்று பெயர். நல்ல பட்டியல் இப்படி இருக்கும்:

24 மூட்டை, 1,200 கிலோ, ரூ.40: 48,000
20 மூட்டை, 1,000 கிலோ, ரூ.36: 36,000
16 மூட்டை, 760 கிலோ, ரூ.25 (அழுகல் கழிவு 40 கிலோ): 19,000
மொத்த விற்பனை: 1,03,000
லாரி வாடகை 3,600, இறக்குக் கூலி 600, எடைக் கூலி 240, பொறுக்குக் கூலி 160: 4,600
கமிஷன் 10%: 10,300
முன்பணம் கழிவு: 20,000
அனுப்பும் தொகை: 68,100

68,100 ரூபாய் விவசாயியின் வங்கிக் கணக்கில் ஏறிய அன்று அதைப் பற்றில் எழுதினால், வரவு 1,03,000, பற்றும் 1,03,000. பக்கம் நேராகிவிடும்.

கமிஷன் மட்டும்தான் வருமானம் என்பதை வருமான வரித் துறையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1986 மார்ச்சில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 452-ஆம் சுற்றறிக்கை, பிறர் சரக்கை விற்றுத்தரும் முகவருக்கும் தன் பொறுப்பில் வாங்கி விற்பவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி, முன்னவருக்கு வரித் தணிக்கைக்கான விற்றுமுதலில் கமிஷனை மட்டும் சேர்த்தால் போதும் என்றது. ஆனால் அந்தச் சலுகை கணக்கு அப்படி எழுதப்பட்டிருந்தால்தான். விவசாயி பெயரில் தனிப் பக்கமே இல்லாமல், எல்லாச் சரக்கையும் கொள்முதல், விற்பனை என்று எழுதி வைத்தவர், நான் வெறும் முகவர்தான் என்று பின்னால் வாதாடுவது கடினம்.

பட்டியலில் சரக்கு மூன்று வரியாகப் பிரிந்திருக்கிறதே, அதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இதே கணக்கை 2,960 கிலோ, சராசரி 34 ரூபாய் 80 காசு என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கூட்டிப் பார்த்தால் தொகை ஏறக்குறைய அதேதான். ஆனால் அன்று முதல் தரம் 40-க்குப் போனதா 44-க்குப் போனதா என்று அந்த விவசாயி யாரிடமும் விசாரித்துச் சரிபார்க்க முடியாது. தரம் வாரியாக எடையும் விலையும் இருந்தால், அதே நாளில் அதே சந்தைக்குச் சரக்கு அனுப்பிய பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

செலவுப் பத்தியில் தவறு நடந்தால் கண்டுபிடிப்பது எளிது. லாரிக்காரரின் ரசீது இருக்கிறது, மூட்டை எண்ணிக்கையால் கூலியைப் பெருக்கிப் பார்க்கலாம். கண்ணில் படாதது எடையில் நடப்பது. மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு என்று எடை போடும்போதே தள்ளிவிட்டால், 60 மூட்டைக்கு 60 கிலோ. சராசரி விலையில் கிட்டத்தட்ட 2,100 ரூபாய். இந்தத் தொகை செலவிலும் வராது, கமிஷனிலும் வராது. பேரேட்டுக்குள் நுழையும் முன்பே காணாமல் போய்விடுகிறது. வெறும் சாக்கு ஒன்று ஒரு கிலோ இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்குபவரிடம் முழு எடைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அனுப்பியவருக்குக் கழிவு போக எழுதுவது வெளிப்படையான அநியாயம்.

இதைக் கேட்க எடைச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

“அண்ணே, மூணாவது லாட்டுல நாப்பது கிலோ குறையுதே?”

“அது சாக்குக் கழிவு இல்லைங்க, அழுகல். பொறுக்குறதுக்கு முந்தி ஒரு எடை, பொறுக்குன பிறகு ஒரு எடை, ரெண்டு சீட்டும் பட்டியலோட வெச்சிருக்கேன் பாருங்க.”

இப்படி ஒரு பதில் வந்தால் அந்த மண்டிக் கணக்கை நம்பலாம்.

அடுத்து, கடனுக்குக் கொடுத்த 36,000. அந்தச் சில்லறை வியாபாரி 30,000 கட்டிவிட்டு மீதி 6,000-க்குக் கடையைக் காலி செய்துவிட்டுப் போனால் நட்டம் யாருக்கு? சாதாரணக் கமிஷனுக்கு வேலை செய்யும் முகவர், கடனுக்கு விற்க அனுமதி பெற்று, கவனமாகவும் விற்றிருந்தால், நட்டம் சரக்குக்குச் சொந்தக்காரரைச் சேரும். அவர் பக்கத்தில் 6,000 பற்று எழுதப்படும். பாக்கி வராவிட்டாலும் நான் தருகிறேன் என்று பொறுப்பேற்று அதற்காகக் கூடுதல் கமிஷன் வாங்குகிறவர் என்றால், அந்த 6,000 அவருடைய வாராக்கடன். விவசாயியின் பக்கத்தைத் தொடவே கூடாது. எந்த ஏற்பாடு என்பதைச் சரக்கு அனுப்பும் முன்பே பேசிவைக்க வேண்டும். அதோடு, வாங்குபவர் கட்டக்கூடியவர்தானா என்று வழக்கமான விசாரணைகூடச் செய்யாமல் கடன் கொடுத்த முகவர் நட்டஈடு தர வேண்டும் என்பதற்கு 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 212-ஆம் பிரிவிலேயே உதாரணம் காட்டியிருக்கிறது.

அதே சட்டம்தான் இந்தப் பட்டியலுக்கும் அடிப்படை. சரக்குக்காரர் கேட்டால் சரியான கணக்குக் காட்டுவது முகவரின் கடமை என்கிறது 213-ஆம் பிரிவு. விற்று வந்த பணத்திலிருந்து முன்பணம், முறையாகச் செய்த செலவு, கமிஷன் மூன்றையும் பிடித்துக்கொள்ள 217 அனுமதிக்கிறது. மீதியைக் கொடுத்தாக வேண்டும் என்கிறது 218. மண்டிக்காரர்களுக்குப் பணமுடை வரும்போது முதலில் நிற்பது இந்த மீதிதான். ஊரிலிருந்து போன் வந்தால் அடுத்த வாரம் என்று பதில் போகும். ஒவ்வொரு விவசாயியின் பக்கத்திலும் நிற்கும் வரவு பாக்கியைக் கூட்டி, கல்லாவிலும் வங்கியிலும் வியாபாரிகளிடமும் உள்ள தொகையோடு வைத்துப் பார்த்தால், மண்டி அடுத்தவர் பணத்தைச் சாப்பிடுகிறதா என்பது தெரிந்துவிடும். மாதம் ஒருமுறையாவது இந்தக் கூட்டலைப் போடாத மண்டிக்காரருக்குத் தன் நிலைமையே தெரியாது.

எல்லாவற்றையும் விடக் கடுமையான தவறு ஒன்று உண்டு. நம் கணக்கில் உள்ள அந்த 1,000 கிலோ நடுத்தரச் சரக்கை வியாபாரி யாரும் எடுக்கவில்லை. மண்டிக்காரரே 36 ரூபாய் என்று எழுதி ஒதுக்கிவைத்து, மறுநாள் விலை ஏறியதும் 43-க்கு விற்றார் என்றால்? விவசாயியிடம் விவரத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தால் அதில் குற்றமில்லை. சொல்லாமல் செய்திருந்தால் பட்டியல் பார்ப்பதற்குக் குறையில்லாமல்தான் இருக்கும். லாட் எண்ணை வைத்து வாங்கியவர் பில்லைத் தேடினால்தான் குட்டு வெளிப்படும்: பட்டியலில் உள்ள தேதிக்கு அந்த லாட்டுக்கு யார் பெயரிலும் பில் இருக்காது, அடுத்த நாள் தேதியில் இருக்கும். அப்படித் தெரியவந்தால், இடையில் கிடைத்த 7,000 ரூபாய் லாபத்தைச் சரக்குக்காரர் கேட்டு வாங்கலாம் என்கிறது 216-ஆம் பிரிவு. தவறாக நடத்திய அந்தப் பகுதி வேலைக்குக் கூலியும் கிடையாது என்கிறது 220. அதன்படி அந்த 36,000-க்குப் பிடித்த கமிஷன் 3,600-ம் விவசாயியின் பக்கத்தில் வரவாகத் திரும்ப வேண்டும்.