யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள்

பிறந்த நாளுக்கு ஒரு போர்டு கேம் வாங்கித் தரலாம் என்று நினைத்து, "உனக்கு என்ன கேம் பிடிக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "எதுவா இருந்தாலும் சரி". இன்னொன்று, "செஸ்". செஸ் என்று சொல்பவர் அந்தப் பலகையைக் கடைசியாகத் தொட்டது பள்ளிக்கூட நாட்களாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. தெரிந்த பெயர்களில் மதிப்பான ஒன்றைச் சொல்கிறார், அவ்வளவுதான். கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளின் பெயரே தெரியாதவரிடம் அவற்றில் எது பிடிக்கும் என்று கேட்டுப் பயனில்லை. ஆனால் கடைசியாக விளையாடிய பொழுது எப்படிப் போனது என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கும். அதைத்தான் கேட்க வேண்டும்.

"கடைசியா யாரோட உட்கார்ந்து விளையாடின?" என்பது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பரிசு ஒருவர் கைக்குப் போனாலும், பெட்டியைத் திறக்கும்போது சுற்றி எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் பாதி முடிவைச் செய்துவிடுகிறது. 1995-இல் ஜெர்மனியில் வெளிவந்து உலகம் முழுவதும் பரவிய 'கேட்டான்' விளையாட்டின் அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நான்கு பேருக்கானது. கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள வீட்டில் அது அலமாரியில்தான் இருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. 'கோட்நேம்ஸ்' பெட்டியில் 2 முதல் 8 பேர் என்று போட்டிருக்கும். உண்மையில் அது இரண்டு அணிகள் மோதும் சொல் விளையாட்டு. ஒருவர் துப்புக் கொடுக்க, அவர் அணியினர் கண்டுபிடிக்க வேண்டும். அணிக்கு இரண்டு பேராவது, அதாவது மொத்தம் நான்கு பேர் இல்லாமல் அதன் சுவை தெரியாது.

அடுத்த கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்: "அப்போ உனக்கு எதுக்கு எரிச்சல் வந்துச்சு?" பிடித்ததைச் சொல்லத் திணறுபவர்கூடப் பிடிக்காததைத் தயங்காமல் சொல்வார். "தாயமே விழலை" என்றால் அதிர்ஷ்டத்தின் மேல் கோபம். கேட்டானில் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகைதான் யாருக்கு விளைச்சல் என்று முடிவுசெய்கிறது, ஆகவே அவருக்கு அது வேண்டாம். "வேணும்னே என் காயை வெட்டினான்" என்றால் நேரடித் தாக்குதல் பிடிக்காதவர். அவருக்கு, எல்லாரும் ஒரே பக்கம் நின்று நோய்களை எதிர்க்கும் 'பாண்டமிக்' போன்ற கூட்டு விளையாட்டு நினைவுக்கு வரலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. யாரும் எதிரி இல்லை என்பதால், நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் மற்ற எல்லாருடைய ஆட்டத்தையும் தானே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். "எங்க அண்ணன் எப்பவும் எனக்கும் சேர்த்தே யோசிப்பார்" என்று சொல்பவருக்கு அந்தப் பெட்டியும் ஆகாது.

மூன்றாவது கேள்வியில் விளையாட்டு என்ற பேச்சே வராது. "உங்க வீட்ல புது வாஷிங் மெஷின் வந்தா, கூட வர்ற புத்தகத்தை யார் படிப்பாங்க?" விதிப் புத்தகத்தைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லும் ஆள் அந்த வீட்டில் இருக்கிறாரா என்று இதில் தெரிந்துவிடும். யாரும் இல்லையென்றால், ஐந்து நிமிடத்தில் வாயால் சொல்லிவிடக்கூடிய விளையாட்டாக இருக்க வேண்டும். இதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. ஜெர்மனியில் 1979 முதல் வழங்கப்படும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது குடும்பங்களுக்கான விளையாட்டுக்குத் தரப்படுவது, அதன் முத்திரை சிவப்பு. 2011-இல் தொடங்கிய 'கென்னர்ஷ்பீல்' விருது பழகியவர்களுக்கானது, முத்திரை கரும்சாம்பல். யாரும் புத்தகம் படிக்காத வீட்டுக்குக் கரும்சாம்பல் வேண்டவே வேண்டாம்.

என் தோழி ஒருத்திக்கு இந்தக் கேள்விகளைப் பேச்சோடு பேச்சாகப் போட்டேன்.

"பொங்கல் லீவுலதான்டி விளையாடினோம். நான், அவரு, அத்தை மூணு பேரும் ரம்மி."

"நல்லா இருந்துச்சா?"

"எங்க? எனக்குச் சீட்டே சேரலை. அத்தை டிக்ளேர் பண்ணிட்டாங்க, நான் கையில அவ்வளவு பாயிண்டோட உட்கார்ந்திருக்கேன். இவரு ஒரு சீட்டைப் போடுறதுக்குள்ள காபியே ஆறிப்போயிடும்."

அத்தைக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதும், புத்தகம் படிப்பது கணவர்தான் என்பதும் அடுத்தடுத்து வந்தன. மூன்று பேர். ரம்மி நன்றாகத் தெரியும். சீட்டு சரியில்லாவிட்டால் ஆட்டமே போய்விடுகிறது என்ற வருத்தம். மெதுவாக ஆடும் ஒருவர்.

முதலில் நினைத்தது 'டிக்கெட் டு ரைட்'. ஒரே நிறச் சீட்டுகளைச் சேர்த்து ரயில் பாதை போடும் விளையாட்டு, ரம்மிக்காரர்களுக்கு உடனே பிடிபடும். ஆனால் அதில் ஒவ்வொருவருக்கும் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பாதை போட வேண்டும் என்ற ரகசியச் சீட்டு உண்டு. ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் ரகசியம் போய்விடும். எழுத்து எல்லாருக்கும் தெரியும்படி நடுவில் இருந்தால் ஒருவர் படித்துச் சொல்லிவிடலாம். கைக்குள் மறைத்து வைக்க வேண்டிய சீட்டில் இருந்தால் அந்த உதவிக்கும் வழியில்லை. இந்திய வரைபடத்தோடு வரும் பெட்டி கண்ணில் பட்டால் கூடுதலாக ஆசை வரும். அது தனி விளையாட்டு அல்ல, எக்ஸ்பான்ஷன். அடிப்படைப் பெட்டியின் ரயில்களும் சீட்டுகளும் இல்லாமல் அதை ஆடவே முடியாது.

'அசூல்' அழகானது, எழுத்தே இல்லாதது. மூன்று பேர் ஆடினால் ஒவ்வொரு சுற்றிலும் ஏழு வட்டங்களில் நான்கு நான்காக 28 ஓடுகள் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். மற்றவர்களின் பலகையும் திறந்தே இருக்கும். தோழியின் கணவர் மாதிரியானவர் அதைப் பார்த்தால் மூன்று பேர் கணக்கையும் தானே போட ஆரம்பித்துவிடுவார்.

கடைசியில் வாங்கியது 'குவர்கிள்'. 2011-இல் சிவப்பு முத்திரை பெற்றது. ஆறு வடிவம், ஆறு நிறம், ஒவ்வொன்றிலும் மூன்று என்று மொத்தம் 108 மரக்கட்டைகள். கையில் ஆறு கட்டைகளை வைத்துக்கொண்டு மேசையில் வரிசை சேர்க்க வேண்டும். ஒரு வரிசையில் வடிவம் ஒன்றாக இருந்தால் நிறங்கள் வேறுவேறாக இருக்க வேண்டும். நிறம் ஒன்றாக இருந்தால் வடிவங்கள் வேறுவேறு. ரம்மியில் ஹார்ட்டின் ஏழு, ஸ்பேடு ஏழு, கிளாவர் ஏழு என்று சேர்க்கிற அதே பழக்கம்தான், அத்தைக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தோழியின் வருத்தத்துக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. ரம்மியில் கடைசிவரை சேராத கை முழுத் தோல்வி. இதில் ஒவ்வொரு முறை கட்டை வைக்கும்போதும் வரிசையின் நீளத்துக்கு ஏற்பப் புள்ளி வந்துவிடும், ஆறும் சேர்ந்தால் 12. கட்டை சரியில்லாதவருக்கும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒன்றுமே பொருந்தாவிட்டால் ஒரு முறை ஆடாமல் விட்டு, கட்டைகளை மாற்றிக்கொள்ளலாம்.

கணவரின் நிதானத்துக்கு இதுவும் முழு மருந்தல்ல. வரிசைகள் பெருகப் பெருக வைக்கும் இடங்களும் பெருகும், அவர் யோசிப்பார். கையில் ஆறுதான் என்பதால் அசூல் அளவுக்கு இழுக்காது என்ற கணக்கில்தான் எடுத்தேன். வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொண்டேன். குவர்கிளின் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சள் விளக்கில் ஒன்றுபோலத் தெரியும். நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்தப் பெட்டியை எடுக்கக்கூடாது. "அத்தைக்குக் கலர் எல்லாம் நல்லாத் தெரியுமா?" என்று கேட்டபோது, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நூல் கோப்பதே அத்தைதான் என்றாள். குழல்விளக்கு உள்ள அறையில் ஆடச் சொன்னேன். முதல் ஆட்டத்தில் மூவரும் கட்டைகளை மறைக்காமல் மேசையிலேயே திறந்து வைத்துக்கொள்ளவும் சொன்னேன். எது எங்கே பொருந்தும் என்று அத்தைக்கு வாயால் விளக்குவதைவிட அது விரைவு.